மேற்கோள் பத்தியில் ஒட்டாமல் நிற்கிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

மலேசியாவில் கெடா மாநிலத்துப் பீடோங்கில் கடைவீட்டு மாடி ஒன்றில் மாலை வகுப்பு நடத்துகிறேன். போன பருவ விடுமுறையில், என்னிடம் முன்பு படித்த ஒரு மாணவி பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்தாள். கையில் எட்டுப் பக்கக் கட்டுரை. ஓரத்தில் சிவப்பு மையில் மூன்று இடத்தில் ஒரே குறிப்பு இருந்தது: ‘மேற்கோள் இருக்கிறது, ஆய்வு எங்கே?’

“எல்லாப் பத்தியிலயும் மேற்கோள் போட்டிருக்கேன் டீச்சர். இன்னும் என்ன வேணுமாம்?” என்றாள். அவள் கேட்டது நியாயமான கேள்வி. ‘சான்று காட்டு’ என்று பள்ளியில் நாங்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். காட்டிய சான்றை வாக்கியத்துக்குள் எப்படிக் கொண்டுவருவது, கொண்டுவந்த பிறகு அதை வைத்து என்ன செய்வது என்பதை யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை.

கட்டுரை, பாரதியாரின் ‘கரும்புத் தோட்டத்திலே’ பாடலைப் பற்றியது. பிஜித் தீவுக் கரும்புத் தோட்டங்களில் உழைத்த பெண்களுக்காகப் பாடப்பட்டது அது. அவளுடைய பாட்டி இங்கே பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அதனால்தான் அந்தப் பாடலை எடுத்தாள். அவள் எழுதிய பத்திகளில் ஒன்று இது:

> தோட்டத்தில் வேலை செய்த பெண்கள் மிகவும் துன்பப்பட்டனர். பாரதியார், ‘நாட்டை நினைப்பாரோ? எந்த நாளினிப் போயதைக் காண்பதென் றேஅன்னை வீட்டை நினைப்பாரோ?’ என்று பாடுகிறார். இதன்வழி பெண்கள் தங்கள் நாட்டையும் வீட்டையும் நினைத்து ஏங்கினர் என்பது தெளிவாகிறது.

எழுத்துப் பிழை இல்லை, மேற்கோளும் சரியானது. ஆனாலும் பத்தி நொண்டுகிறது. அன்று மாலை அதில் ஒவ்வொரு கோளாறாகப் பார்த்து என்ன செய்தோமோ அதையே இங்கே எழுதுகிறேன்.

அறிகுறி: மேற்கோளை விரலால் மறைத்தாலும் பத்தி அப்படியே ஓடுகிறது

முதலில் இதைச் சோதியுங்கள். மேற்கோள் வரியைக் கட்டைவிரலால் மறைத்துவிட்டு மற்றதைப் படியுங்கள். மேலே உள்ள பத்தியை அப்படிப் படித்தால், ‘பெண்கள் துன்பப்பட்டனர், நாட்டையும் வீட்டையும் நினைத்து ஏங்கினர்’ என்று எந்தத் தடையும் இல்லாமல் போகிறது. பாடல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அப்படியானால் மேற்கோள் அங்கே வேலை செய்யவில்லை.

மேற்கோளுக்குப் பின் வரும் வாக்கியம் அதன் பொருளை மறுபடியும் சொல்வதுதான் காரணம். ‘இதன்வழி தெளிவாகிறது’, ‘இதிலிருந்து நாம் அறியலாம்’ என்று தொடங்கும் வாக்கியங்களை அவளைத் தேடச் சொன்னேன். எட்டுப் பக்கத்தில் பதினொன்று இருந்தன. பதினொன்றிலும் அடுத்து வந்தது உரைநடை விளக்கம் மட்டுமே. செய்யுளுக்குப் பொழிப்புரை எழுதிப் பழகிய கை நமக்கு. ஆய்வுக் கட்டுரையிலும் அது தானாகவே அங்கே போய்விடுகிறது.

இதைத் திருத்த, மேற்கோளின் பொருளை விட்டுவிட்டு அதன் சொல்லைத் தொடவேண்டும். எந்தச் சொல், எந்த உருபு, எந்த இடைச்சொல் உங்கள் கருத்தைத் தாங்குகிறது என்று கேளுங்கள்.

“‘நினைப்பாரோ’ன்னு ஏன் எழுதியிருக்கார்? ‘நினைப்பார்’னு எழுதியிருக்கலாமே?” என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்தாள். “அவருக்குத் தெரியாது டீச்சர். அவர் அங்க இல்ல.”

ஆய்வு அந்த இடத்தில்தான் பிறந்தது. அந்த ஓகாரம் ஐயத்தைக் காட்டுகிறது. அப்பெண்கள் என்ன நினைக்கிறார்கள் என்று உறுதியாகச் சொல்லப் பாடுபவரிடம் செய்தி இல்லை. நடுவில் கடல் இருக்கிறது. அவள் எழுதியதோ ‘ஏங்கினர் என்பது தெளிவாகிறது’. பாடல் ஐயமாக விட்டதைக் கட்டுரை தெளிவாக்கிவிட்டது. பொழிப்புரை எழுதுவதால் ஆய்வு குறைவதோடு நிற்காது, சில வேளை மேற்கோள் சொல்லாததையும் அது சொல்லவைத்துவிடும்.

பாடலில் அடுத்து வரும் வரிகளையும் இப்படியே பார்த்தோம். பாடுபவர் காற்றை அழைத்து, நீ கேட்டிருப்பாய், அந்தப் பெண்கள் அழுத சொல்லை ‘மீட்டும் உரையாயோ?’ என்கிறார். உடனே, ‘அவர் விம்மி யழவுந் திறங்கெட்டுப் போயினர்’ என்று வருகிறது. ‘அழவும்’ என்பதிலுள்ள உம்மையைத் தொட்டுக் காட்டினேன். உழைக்க வலுவில்லாமல் போனது மட்டும் இல்லை, அழக்கூட வலுவில்லை. காற்று மீட்டுச் சொல்வதற்கு இனி அழுகுரலே இல்லை என்பது அந்த ஒரு உம்மைக்குள் இருக்கிறது. பாட்டியை நினைத்துக்கொண்டாளோ என்னவோ, அதைப் படித்துவிட்டு அவள் சிறிது நேரம் பேசவில்லை.

அறிகுறி: வாக்கியத்தின் முடிவுக்கு வரும்போது யார் பேசுகிறார்கள் என்பதே மறந்துபோகிறது

இது தமிழுக்கே உரிய சிக்கல். நம் வாக்கியத்தில் எழுவாய் முதலில் வரும், வினை கடைசியில் வரும், மேற்கோள் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். ‘பாரதியார்’ என்று தொடங்கி, நான்கு வரி செய்யுள் ஓடி, ‘என்று கூறுகிறார்’ என்று முடிந்தால், படிப்பவர் நான்கு வரியையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடக்கவேண்டியிருக்கிறது. செய்யுளுக்குள்ளேயே வேறு வினைமுற்றுகள் இருந்தால் இன்னும் குழப்பம். சத்தம் போட்டுப் படித்துப் பாருங்கள். ‘என்று’ வரும் இடத்தில் மூச்சு வாங்கினால், அல்லது மறுபடி முதலிலிருந்து படிக்கவேண்டியிருந்தால், கோளாறு இதுதான்.

இரண்டு வழி உண்டு. மேற்கோளை இரண்டு மூன்று சொல்லாகக் குறைத்து, எஞ்சியதை உங்கள் உரைநடையில் சொல்வது ஒரு வழி. பெரும்பாலான இடங்களுக்கு இதுவே போதும். மேலே ‘நினைப்பாரோ’ ஒன்றைத் தவிர மற்ற எந்தச் சொல்லும் ஆய்வுக்குத் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். முழு வரிகளும் கண்முன் இருந்தே ஆகவேண்டும் என்றால், உங்கள் வாக்கியத்தை முன்னாலேயே முடித்துவிடுங்கள். ‘பாரதியார் காற்றிடம் இப்படிக் கேட்கிறார்:’ என்று முக்காற்புள்ளி இட்டு, செய்யுளை அடுத்த வரியில் தனியாக உள்ளே தள்ளி வையுங்கள். பின்னால் ‘என்று’ வேண்டாம்.

மேற்கோள் காட்டும் முறைகளில் அவள் பல்கலைக்கழகம் கேட்பது ஏபிஏ பாணி, ஏழாம் பதிப்பு. நாற்பது சொல்லும் அதற்கு மேலும் இருந்தால் மேற்கோளைத் தனிப்பத்தியாக உள்ளே தள்ளி, மேற்கோள்குறி இல்லாமல் எழுதவேண்டும் என்பது அதன் விதி. ஆனால் அது ஆங்கிலச் சொற்களை மனத்தில் வைத்து எழுந்த கணக்கு. ஆங்கிலத்தில் மூன்று நான்கு சொல்லாக விரிவதை நாம் ஒரே சொல்லில் உருபோடு சேர்த்து எழுதிவிடுகிறோம். நாற்பது தமிழ்ச் சொல் தாளில் நல்ல நீளம் வரும். விதியை மீறச் சொல்லவில்லை. நாற்பதுக்குக் குறைவுதானே என்று முப்பத்தைந்து சொல்லை வாக்கியத்துக்கு நடுவே திணிக்காதீர்கள், சுருக்குங்கள்.

‘என்று கூறுகிறார்’ பற்றியும் ஒரு சொல். கேள்வியாக இருப்பதைக் கூறுகிறார் என்று எழுதினால் அந்தக் கேள்வி அங்கேயே செத்துப்போகிறது. கேட்கிறார், வியக்கிறார், மறுக்கிறார், கெஞ்சுகிறார், ஒப்புக்கொள்கிறார் என்று மேற்கோள் செய்கிற செயலுக்குரிய வினையைப் போட்டால், பாதி விளக்கம் அந்த வினையிலேயே வந்துவிடும்.

அறிகுறி: மேற்கோளில் வெட்டி எடுத்த சொல்லுக்குப் பொருள் இடறுகிறது

வேறொரு பத்தியில் அவள், பெண்களின் வாழ்க்கை முன்னேற வழியின்றித் தேங்கிக் கிடந்ததைப் பாரதியார் ‘தேங்குகின்றார்’ என்னும் சொல்லால் காட்டுகிறார் என்று எழுதியிருந்தாள். படிக்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் பாடலில் அப்படி ஒரு சொல் இல்லை. பதிப்பில் ‘செக்கு மாடுகள் போலுழைத் தேங்குகின் றார்’ என்று சீர் பிரித்து அச்சாகியிருக்கிறது. சொல் பிரித்தால் ‘போல் உழைத்து ஏங்குகின்றார்’. ‘உழைத்து’ என்பதன் கடைசி உகரம் கெட்டு, தகரம் அடுத்த சொல்லோடு சேர்ந்து ‘தேங்கு’ என்ற தோற்றத்தைத் தந்துவிட்டது. அந்தப் பொய்ச் சொல்லின்மேல் அவள் அரைப் பக்கம் கட்டியிருந்தாள்.

ஆகவே செய்யுளிலிருந்து சிறு துண்டு எடுக்கும்போதெல்லாம், எடுக்கும் முன் அந்த வரியை ஒருமுறை சொல் பிரித்து எழுதிப் பாருங்கள். வெட்டும் இடம் சீரின் எல்லையில் இருந்தால் போதாது, சொல்லின் எல்லையில் இருக்கவேண்டும். கட்டுரைக்குள் அச்சில் உள்ளபடியே தருவதா, பிரித்துத் தருவதா என்றால், இரண்டுமே செல்லும். ஒன்றைத் தேர்ந்து கட்டுரை முழுதும் அதையே பின்பற்றி, பிரித்திருந்தால் ‘சொற்பிரிப்பு கட்டுரையாளருடையது’ என்று முதல் இடத்தில் ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

இதோடு சேர்ந்த சின்னப் பிழை ஒன்று. பாடலில் ‘துன்பக் கேணியிலே’ என்று இருக்கிறது. உங்கள் வாக்கியத்துக்கு அது ‘கேணியாக’ என்று மாறவேண்டும் என்றால், ‘துன்பக் கேணி’யாக என்று எழுதுங்கள். மேற்கோள்குறி மூலத்தில் உள்ள சொல்லோடு மூடிக்கொள்ளவேண்டும், நீங்கள் சேர்த்த உருபு வெளியே நிற்கவேண்டும். கண்ணுக்குக் கொஞ்சம் உறுத்தும், ஆனால் எது பாரதியாருடையது, எது உங்களுடையது என்பது துல்லியமாக இருக்கும்.

அறிகுறி: மேற்கோள் உண்மை, பத்தியின் கருத்தும் உண்மை, ஆனால் ஒன்றுக்கு ஒன்று சான்று இல்லை

‘மலாயாத் தோட்டங்களில் நம் பெண்கள் பட்ட துயரைப் பாரதியார் பாடுகிறார்’ என்று ஒரு பத்தி தொடங்கியிருந்தது. இங்கே கித்தாக் காட்டுக்கு நடுவே வளர்ந்த யாருக்கும் அப்படி எழுதத் தோன்றும். பாட்டைக் கேட்டதும் நம் லயன் வீடுதான் மனத்தில் வருகிறது. ஆனால் பாடல் தன் இடத்தைத் தானே சொல்கிறது. மலாயாவுக்கு அதை நேரடிச் சான்றாகக் காட்டினால் ஆசிரியர் அடிக்கோடு போடுவார், போடவும் வேண்டும். ஒப்பீடாக மாற்றினால் பத்தி பிழைத்துக்கொள்ளும்: ‘பிஜிப் பெண்களைப் பற்றிப் பாரதியார் எழுப்பிய கேள்வியை, கெடாவில் பால்மரம் வெட்டிய ஒருவரின் நினைவுகளோடு வைத்துப் பார்க்கலாம்.’ அந்த ஒப்பீட்டுக்கு அவளிடம் பாட்டி இருந்தார். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அறிகுறி: அடைப்புக்குறி எங்கே போவது என்று தெரியவில்லை

ஆங்கில மாதிரிகளைப் பார்த்து எழுதுபவர்கள் ஆசிரியர், ஆண்டு, பக்கம் அடங்கிய அடைப்புக்குறியை வாக்கியத்தின் கடைசியில், முற்றுப்புள்ளிக்கு முன் வைக்கிறார்கள். ஆங்கிலத்தில் மேற்கோள் பல நேரம் வாக்கியத்தின் கடைசியில் வருவதால் அங்கே அது பொருந்தும். நமக்கு மேற்கோள் நடுவில் வருகிறது. மேற்கோள் வாக்கியத்தின் நடுவில் இருந்தால் அடைப்புக்குறி மேற்கோள்குறி மூடிய உடனே வரவேண்டும் என்பது ஏபிஏ விதி. அதாவது ‘என்று’க்கு முன்னால். இதைச் செய்யாவிட்டால், ‘என்று’க்குப் பின் நீங்கள் எழுதிய உங்கள் சொந்த விளக்கமும் பாரதியாரின் பக்கத்தில் இருப்பதுபோல் தோன்றும்.

தமிழுக்கு இன்னும் வசதியான அமைப்பு ஒன்று உண்டு. ஆசிரியர் பெயரை வாக்கியத்திலேயே சொல்லி, ஆண்டைப் பெயருக்குப் பக்கத்திலும் பக்க எண்ணை மேற்கோளுக்குப் பக்கத்திலும் பிரித்து வைப்பது. அப்படித் திருத்திய பத்தி இது. ஆண்டும் பக்கமும் நீங்கள் கையில் வைத்திருக்கும் பதிப்பைப் பொறுத்தவை என்பதால் இடத்தை மட்டும் காட்டியிருக்கிறேன்:

> அப்பெண்களின் துயரை நேரில் கண்டவராகப் பாரதியார் (ஆண்டு) பேசவில்லை. அவர்கள் தாய்நாட்டை ‘நினைப்பாரோ’ (ப. எண்) என்று கேட்கிறார், நினைப்பார்கள் என்று சொல்லவில்லை. கடலுக்கு இப்பால் இருப்பவருக்கு எந்தச் செய்தியும் வந்து சேரவில்லை என்பதை அந்த ஓகாரம் காட்டுகிறது. ஆகவே காற்றைச் சாட்சிக்கு அழைத்து, அவர்கள் அழுத சொல்லை ‘மீட்டும் உரையாயோ’ (ப. எண்) என்று கெஞ்சுகிறார். ஆனால் அந்தச் சாட்சியும் பயன்படாது. பெண்கள் ‘விம்மி யழவுந் திறங்கெட்டுப் போயினர்’ (ப. எண்) என்னும்போது, ‘அழவும்’ என்பதிலுள்ள உம்மை, துயரைத் தெரிவிக்கும் கடைசி வழியும் அடைபட்டதைச் சொல்கிறது.

இப்போது விரலால் மறைத்துப் பாருங்கள். மேற்கோள் இல்லாமல் இந்தப் பத்தி ஒரு வரிகூட நகராது.

அறிகுறி: பெயர் தலைகீழாக வருகிறது

உள்ளூர் ஆய்வாளர் ஒருவரைக் காட்டிய இடத்தில் அவள் அவருடைய அப்பாவின் பெயரை ஆசிரியர் பெயராகப் போட்டிருந்தாள். அது Zotero என்னும் நூற்பட்டியல் மென்பொருள் செய்த வேலை. நம் அடையாள அட்டையில் a/l, a/p என்று வருவதற்குப் பின் இருப்பது குடும்பப் பெயர் இல்லை, தந்தை பெயர். மென்பொருளுக்கு அது தெரியாது. கடைசியில் இருப்பதைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்கிறது. ஆசிரியர் பெயர்க் கட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சிறு குறியை அழுத்தினால் இரண்டு கட்டம் ஒன்றாகும். முழுப் பெயரையும் அந்த ஒரே கட்டத்தில் எழுதினால் அது திருப்பிப் போடாது. Word-இல் உள்ள மேற்கோள் வசதியைப் பயன்படுத்துகிறவர்கள் Corporate Author என்ற பெட்டியில் குறியிட்டுப் பெயரை எழுதினால் அதே பலன் கிடைக்கும். a/l, a/p எழுத்துகளை வைப்பதா விடுவதா என்பதை உங்கள் துறையின் வழிகாட்டி சொல்லும்.

அறிகுறி: மனப்பாடமாகத் தெரிந்த வரிக்கு எண் பொருந்தவில்லை

முன்னுரையில் அவள் ‘எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்’ என்ற குறளைத் தந்து, குறள் 355 என்று போட்டிருந்தாள். அது 423, அறிவுடைமை அதிகாரம். 355 மெய்யுணர்தலில் வரும் ‘எப்பொருள் எத்தன்மைத் தாயினும்’. இரண்டும் ‘எப்பொருள்’ என்று தொடங்கி, ‘மெய்ப்பொருள் காண்பது அறிவு’ என்றே முடிகின்றன. பள்ளியில் நன்றாக மனப்பாடம் செய்தவர்கள்தாம் இதில் விழுகிறார்கள், ஏனென்றால் அவர்கள் நூலைத் திறப்பதில்லை. திறந்து பாருங்கள். குறளுக்குப் பக்க எண்ணுக்குப் பதில் குறள் எண்ணே போதும். இன்று பரவலாக உள்ள பதிப்புகளில் அது மாறாது.

அறிகுறி: பாட்டி சொன்னதை எப்படிக் காட்டுவது?

“அச்சுல இல்லாதத மேற்கோளா போடலாமா டீச்சர்?” என்று தயங்கினாள். போடலாம். ஒரு சாயங்காலம் பாட்டியிடம் உட்கார்ந்து, கைப்பேசியில் பதிவு செய்துகொண்டு வந்தாள். பாட்டி சொன்னதில் ஒன்று: “விடியக்காலை பெரட்டுக்கு நிக்கணும். புள்ள அழுதாலும் திரும்பிப் பாக்க முடியாது.”

முதல் வரைவில் அவள் இதை, ‘அதிகாலையில் பணியாளர் வருகைப் பதிவுக்கு நிற்கவேண்டும். குழந்தை அழுதாலும் திரும்பிப் பார்க்க இயலாது’ என்று செந்தமிழாக்கி மேற்கோள்குறிக்குள் வைத்துவிட்டாள். பாட்டி அப்படிப் பேசவில்லை. மேற்கோள்குறிக்குள் அவர் சொன்ன சொல் அப்படியே இருக்கவேண்டும். மாற்றி எழுதினால் குறியை எடுத்துவிட வேண்டும். வெளியூர் ஆசிரியருக்குப் ‘பெரட்டு’ புரியாமல் போகலாம். அதற்காகச் சொல்லை மாற்றவேண்டாம், பக்கத்தில் சதுர அடைப்புக்குறிக்குள் பொருளைத் தரலாம்: “விடியக்காலை பெரட்டுக்கு [ஆள் கணக்கெடுப்புக்கு] நிக்கணும்.” சதுர அடைப்பு, இது கட்டுரையாளர் சேர்த்தது என்று சொல்லும்.

ஏபிஏ பாணியில் இத்தகைய பேச்சு, படிப்பவர் தேடி எடுக்க முடியாத ஒன்று. அதனால் நூற்பட்டியலில் சேர்ப்பதில்லை. பெயர், ‘தனிப்பட்ட உரையாடல்’ என்ற குறிப்பு, முழுத் தேதி ஆகியவற்றைக் கட்டுரைக்குள்ளேயே அடைப்புக்குறியில் தந்தால் முடிந்தது. ஆனால் பாட்டியையும் இன்னும் நாலு பேரையும் ஆய்வுக்காகவே முறையாகப் பேட்டி எடுத்தால் கதை வேறு. அப்போது அவர்கள் ஆய்வில் பங்கேற்றவர்கள். அடைப்புக்குறி இல்லாமல், யார், என்ன வேலை செய்தவர் என்று வாக்கியத்திலேயே சொல்லிவிட்டு மேற்கோளைத் தருவதுதான் முறை, பெயரை மறைத்துக்கூட. அவள் பேசியது பாட்டி ஒருவரிடம் மட்டும் என்பதால் முதல் முறையையே எடுத்துக்கொண்டாள். பெயரைப் போடலாமா என்று பாட்டியிடம் கேட்டுவிட்டு வரச்சொன்னேன்.

மறுநாள் வந்தாள். பாட்டி சம்மதித்துவிட்டாராம். பெயரை எப்படி எழுதவேண்டும் என்பதை மட்டும் தானே சொல்லியிருக்கிறார்: அடையாள அட்டையில் பதிந்தவர் ஓர் எழுத்தைத் தப்பாகப் போட்டுவிட்டாராம், கட்டுரையிலாவது சரியாக வரட்டும் என்றாராம். அப்படியே எழுதினாள்.